பூம்பஞ்சு கிட்டுசாமி மன்னிப்புக் கேட்ட கதை

மரியாதைக்குப் பஞ்சமில்லாத ஊர் திருப்பூர். குறுக்கே வந்த நாயைக்கூட ‘போங்க’ என்று விரட்டுகிறவர்கள் இங்கே உண்டு. அந்த ஊரிலேயே மரியாதைக்காரர் என்று பெயரெடுத்தவர் போயம்பாளையம் கிட்டுசாமி. பனியன் கம்பெனி வைத்திருந்தார். கடன் கேட்டு வருகிறவரையும் கடனைத் திருப்பிக் கேட்டு வருகிறவரையும் ஒரே மாதிரி எழுந்து நின்று வரவேற்பார். முன்னவர் யார், பின்னவர் யார் என்று பக்கத்தில் இருப்பவர்களால் கண்டுபிடிக்க முடியாது.

இப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. திமிர் என்று சொல்லிவிட முடியாது. அதற்கான வினைச்சொல் அவர் நாக்கில் இல்லை, அவ்வளவுதான். துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் ‘கறை ஆயிருச்சுங்க’ என்பார். அளவு தப்பினால் ‘சைஸ் மாறிப்போச்சுங்க’. சரக்கு போய்ச் சேரவில்லையென்றால் ‘லேட்டாயிருச்சுங்க’. அவர் கம்பெனியில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக ஆகும். சொல்லி முடித்த கையோடு டீ வரும். டீயோடு காரபன் வரும். சண்டை போட வந்தவர் பன்னைத் தின்றுவிட்டு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் கிளம்பிப் போவார். இருபது வருடங்கள் அவர் தொழில் இப்படித்தான் நடந்தது.

குண்டடம் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து பதினெட்டு வயதில் கிளம்பி வந்தவர். பனியன் கம்பெனியில் எடுபிடி வேலையில் ஆரம்பித்து, கட்டிங் மாஸ்டராகி, மாமனார் கொடுத்ததையும் சேர்த்துப் போட்டு நாற்பது தையல் மெஷினோடு சொந்தக் கம்பெனி வைத்தார். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுப்பது வேலை. 2008 கடைசியில் வெளிநாட்டுக் கடைகள் படுத்தபோது அந்த ஏற்றுமதிக்காரர்களும் படுத்தார்கள். கிட்டுசாமியின் மெஷின்கள் உறை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் ராஜ்கமல் வந்தான். சாத்தூர்க்காரன், பி.என். ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவன். இனிமேல் கடை என்பது தெருவில் இருக்காது, இன்டர்நெட்டில்தான் இருக்கும் என்று அவன் ஒரு மணி நேரம் பேசினான். கிட்டுசாமிக்கு அதில் புரிந்தது இரண்டே விஷயம். கடைக்கு வாடகை கிடையாது. வாங்குகிறவர் துணியைப் பார்ப்பதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுவார். இத்தனை நாள் இப்படி ஒரு வியாபாரம் இருப்பதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

‘பூம்பஞ்சு டாட் காம்’ என்று கடைக்குப் பெயர் வைத்தார்கள். குழந்தைகளுக்கான பனியன் துணி உடுப்புகள், வீட்டில் போடும் டீ ஷர்ட்டுகள். முகப்பில் ஒரு குழந்தை சிரித்தது. அதன் காலடியில், ‘ஏழே நாளில் உங்கள் வீடு தேடி வரும்’ என்று கொட்டை எழுத்து. ஏழு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் விசாரித்தபோது, ஆறு என்றால் நம்ப மாட்டார்கள், எட்டு என்றால் காத்திருக்க மாட்டார்கள் என்று ராஜ்கமல் சொன்னான். துணிக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறைக்காரரை யாரும் கேட்கவில்லை.

ஆர்டர்களைப் பார்க்கவும் போன் எடுக்கவும் நதியாவை வேலைக்குச் சேர்த்தார்கள். கோவில்பட்டியிலிருந்து கணவனோடு பிழைக்க வந்தவள். அதுவரை செக்கிங்கில், தைத்த துணியின் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தவள். டைப்பிங் பாஸ் செய்திருந்ததால் மேஜைக்கு மாறினாள். பார்சல்களை எடுத்துப் போவது கூரியர்காரர் முகமது ரபீக். ஊத்துக்குளி ரோட்டில் கூரியர் ஏஜென்சி எடுத்து நடத்துகிறவர். தினமும் சாயங்காலம் ஆம்னி வேனில் வந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு போவார்.

முதல் ஆறு மாதம் நாளுக்கு நாலு பார்சல், ஐந்து பார்சல். சொன்னபடி ஏழு நாளில் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்கள் பாராட்டி மெயில் அனுப்பினார்கள். நதியா அவற்றை வாசித்துக் காட்டும்போது கிட்டுசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

2009 செப்டம்பரில் ஒரு வாரப் பத்திரிகை, ‘வீட்டிலிருந்தபடியே தீபாவளித் துணி’ என்று அரைப்பக்கம் எழுதி, நாலு கடைகளில் ஒன்றாகப் பூம்பஞ்சையும் போட்டது. அன்றிலிருந்து ஆர்டர் கொட்டியது. மெஷின்களின் உறையைக் கழற்றினார்கள். ராஜ்கமலுக்கே பயம் வந்து, கையில் இருக்கிற சரக்குக்கு மேல் ஆர்டர் வந்தால் ‘ஸ்டாக் இல்லை’ என்று கடையே காட்டிக்கொள்கிற மாதிரி செய்துவிடட்டுமா என்று கேட்டான். கிட்டுசாமிக்கு அது பிடிக்கவில்லை. வாசலுக்கு வந்தவரை இல்லை என்று சொல்லி அனுப்புவது மரியாதையா என்றார். மரியாதை காப்பாற்றப்பட்டது. இல்லாத துணியைக் கடை இரவும் பகலும் விற்றது.

அதே சமயத்தில் பழைய ஏற்றுமதிக்காரர் ஒருவருக்கு ஆர்டர் திரும்பி வந்தது. மெஷின் கிடைக்குமா என்று அவர் கிட்டுசாமியைக் கேட்டார். அவரிடமும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நாற்பதில் முப்பது மெஷின் அந்தப் பக்கம் போயிற்று. மிச்சம் பத்துக்கும் வேலை இல்லை. துணி சாயப்பட்டறையில் வரிசையில் கிடந்தது. வந்த துணியைத் தைக்கலாம் என்றால் கரண்ட் போயிற்று. கரண்ட் வந்தபோது டெய்லர்கள் தீபாவளிக்கு ஊருக்கு பஸ் ஏறியிருந்தார்கள். ஒவ்வொன்றும் எல்லா வருடமும் நடப்பதுதான். எல்லா வருடமும் நடப்பதை ஏழு நாளுக்குள் அடைத்தது மட்டும்தான் புதிது.

போன் அடிக்க ஆரம்பித்தது. கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று நதியா கேட்டாள். ‘நாளைக்கு வந்துருமுங்கன்னு சொல்லு கண்ணு’ என்றார் கிட்டுசாமி. அவள் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாள், நேற்றும் நீதானே சொன்னாய் என்று அவள் குரலை அடையாளம் கண்டு கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரே ‘நாளை’யை அவள் இரண்டு வாரம் விற்றாள். தீபாவளிக்கு முந்தின நாள் கிட்டுசாமி ரிசீவரை எடுத்து மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, ‘எங்கேஜ்டு ஆயிருச்சுங்க’ என்றார்.

தீபாவளி முடிந்தபோது நானூற்றுச் சொச்சம் வீடுகளுக்குத் துணி போயிருக்கவில்லை. மெயில் பெட்டியில் திட்டு நிரம்பி வழிந்தது. ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்று ராஜ்கமல் சொன்னான். அவனே எழுதியும் கொண்டுவந்தான். ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தவிர்க்க முடியாத சில காரணங்களால் தங்கள் பார்சல் சற்றே தாமதமாகியுள்ளது. தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்.’ வாசிக்கும்போது கிட்டுசாமியின் முகம் மலர்ந்தது. எல்லாம் தானாகவே ஆகியிருந்தது, அசௌகரியம்கூட ஏற்பட்டிருந்தால்தான்.

இருந்தாலும் மொட்டையாக இருக்கிறது என்று தன் பங்குக்கு மூன்று விஷயம் சேர்க்கச் சொன்னார். ஒன்று, தீபாவளி நல்வாழ்த்து. இரண்டு, அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி. மூன்றாவது, பண்டிகை நெரிசலில் கூரியர்காரர்களால் தாமதமாகிவிட்டது என்று ஒரு வரி. ஒரு காரணம் எழுத வேண்டும் அல்லவா. கூரியர் என்றால் உலகம் நம்பும். கூரியருக்கே கொடுக்காத பார்சலைக் கூரியர் எப்படித் தாமதப்படுத்தும் என்று நதியா முணுமுணுத்தாள். தீபாவளித் துணி வராதவருக்குத் தீபாவளி வாழ்த்து வேண்டாம் என்றும் சொன்னாள். வாழ்த்தில் என்ன தப்பு என்றார் கிட்டுசாமி.

அவசரமாக அனுப்பச் சொன்னதால் ராஜ்கமல் அவசரமாகவே அனுப்பினான். துணி வந்தவர், வராதவர் என்று பிரிக்கவில்லை. அதுவரை பூம்பஞ்சில் வாங்கிய அத்தனை பேர் மெயில் முகவரியையும் மேலே ஒரே கட்டத்தில் வரிசையாகப் போட்டு ஒரே தட்டாகத் தட்டிவிட்டான். யார் யாருக்குப் போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிற கட்டம் அது.

முதல் பதில் மதுரையிலிருந்து வந்தது. ‘எனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்தேன்.’ அதை எழுதியவர் எல்லோருக்கும் பதில் என்ற பொத்தானை அழுத்தியிருந்தார். அடுத்து பெங்களூர்: ‘எனக்கும் வரவில்லை.’ அடுத்து சேலம், தாம்பரம், நாகர்கோவில். சிலருடைய கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து தெரியவில்லை. வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறது, யாராவது என்னவென்று சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பொறுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அடியில் தன் கருத்தையும் சேர்த்தார். போன மார்ச்சில் ஒழுங்காகத் துணி வாங்கியவர்களுக்கும் இப்போது சந்தேகம் வந்தது. தங்கள் துணியிலும் ஏதோ கோளாறு இருக்கிறது போல என்று கழுத்துப்பட்டியை இழுத்துப் பார்த்ததாக எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் பூம்பஞ்சின் வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். இருவர் தூரத்து உறவு என்பதுகூடத் தெரிய வந்தது. கிட்டுசாமி ஊர் ஊராக ஆள் வைத்திருந்தாலும் இப்படி ஒரு கூட்டத்தைத் திரட்டியிருக்க முடியாது.

அந்த வரிசையில் முகமது ரபீக்கின் முகவரியும் இருந்தது. ரம்ஜானுக்கு மகள் ஜஹானாராவுக்குப் பூம்பஞ்சில்தான் துணி எடுத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் ஆம்னி வேன் வந்தது. மூட்டை எடுக்க ஆள் இறங்கவில்லை. ரபீக் மட்டும் இறங்கினார். கிட்டுசாமி எழுந்து நின்றார். டீ வந்தது. ரபீக் டீயைக் குடித்தார், காரபன்னையும் சாப்பிட்டார். கைக்குட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு, ‘அண்ணா, டீ நல்லாருக்குதுங்க. இனி நான் பார்சல் எடுக்கலீங்க’ என்றார்.

கிட்டுசாமிக்கு இது புது அனுபவம். பன்னைச் சாப்பிட்ட பிறகும் கோபம் அப்படியே இருப்பதை அவர் பார்த்ததில்லை.

‘ஏனுங் பாய், ஒரு வரி எழுதினது அப்படி ஆயிருச்சுங்க.’

‘ஆகலீங்க. நீங்க எழுதுனீங்க. எங்க ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் போட்டு, திருப்பூர் பிராஞ்ச்சுல நானூறு பார்சலை வெச்சுட்டு உக்காந்திருக்கியான்னு கேக்கறாங்க. வராத பார்சலை நான் எங்கீங்க போய் வெச்சுக்கறது? அந்த வரி பொய்யின்னு, அந்த லெட்டர் போன அத்தனை பேருக்கும் எழுதுங்க. அப்புறம் வண்டி வருமுங்க.’

வேன் காலியாகப் போயிற்று. கட்டி வைத்திருந்த அறுபது பார்சல் வராந்தாவில் கிடந்தது. வேறு கூரியர்காரர்களுக்குப் போன் செய்து பார்த்தார்கள். பூம்பஞ்சுதானே, கேள்விப்பட்டோம் என்று மரியாதையாகப் போனை வைத்துவிட்டார்கள்.

ரபீக் வருவதற்கு முன், அன்று காலையே இன்னொன்றும் நடந்திருந்தது. ரிசீவரை மறுபடி அதன் இடத்தில் வைத்ததும் போன் அடித்தது. நதியா எடுக்கவில்லை. கிட்டுசாமி பார்த்தார். ‘மொதலாளி, செக்கிங்குக்கே போயிருதேன்’ என்றாள் அவள். ‘பிசிறு வெட்டுனா துணி என்னைய ஏசாது. நாளைக்கு வரும்னு இனிமே என் வாயால சொல்ல மாட்டேன்.’ கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கிட்டுசாமி உட்கார்ந்தார்.

சிவகாசியிலிருந்து சீனிச்சாமி என்றார் பேசியவர். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். இன்டர்நெட்டில் துணி வாங்குவது அவருக்கு முதல் தடவை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தேர்ந்தெடுத்து, பணத்தை பேங்க்கில் கட்டிவிட்டு, தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். தீபாவளியன்று காலை அந்தப் பெண்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு எடுத்த பழைய பாவாடையைப் போட்டுக்கொண்டு வெடி வைத்திருக்கிறார்கள். தெருவில் ஒவ்வொருவராக வந்து இன்டர்நெட் துணி வந்துவிட்டதா என்று விசாரித்திருக்கிறார்கள்.

‘லேட்டாயிருச்சுங்க’ என்றார் கிட்டுசாமி. பிறகு பழக்கதோஷத்தில், ‘ஒரு நாளைக்கு நம்ம கம்பெனிப் பக்கம் வாங்க, டீ சாப்பிடலாமுங்க’ என்றும் சொல்லிவிட்டார்.

‘சிவகாசியில இருந்தாங்க?’ என்றார் சீனிச்சாமி.

சீனிச்சாமி திட்டவில்லை. அவர் சொன்னது இதுதான்: ‘லேட்டு எங்க தொழில்லயும் உண்டு அண்ணாச்சி. மழை பேஞ்சா குச்சி காயாது. ஆனா வராதுன்னு ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா, இங்க கடைத்தெருவுலயே பிள்ளைகளுக்கு எடுத்திருப்பேன். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி, அதையும் எடுக்க விடாமப் பண்ணிட்டீங்களே.’

போனை வைத்த பிறகு கிட்டுசாமி அடுத்த போனையும் எடுத்தார். அதற்கடுத்ததையும். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. விதவிதமான ஊர், விதவிதமான பேச்சு. சிலர் பணம் கேட்டார்கள், சிலர் போலீஸ் என்றார்கள், ஒரு பெண் லேசாகச் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். ஆனால் சுற்றிச் சுற்றிச் சீனிச்சாமி சொன்னதையே எல்லோரும் சொன்னார்கள். துணி வராதது முதல் தப்பு. வரும் என்று சொன்னது பெரிய தப்பு. நதியா இரண்டு வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். சாயங்காலம் ரபீக் வந்து டீ குடித்துவிட்டுப் போனது அதற்குப் பிறகு.

மறுநாள் ரபீக்கைக் கூப்பிட்டனுப்பினார். ராஜ்கமலும் வந்தான். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். புதிதாக ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. உடனே எழுதலாம் என்று கிட்டுசாமி பேனாவை எடுத்தபோது, எழுதி என்ன தேதி போடுவது என்று நதியா கேட்டாள். எந்தத் துணி இருக்கிறது, எது இல்லை என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முதலில் ராஜ்கமல் கடையை மூடினான். ‘தற்போது ஆர்டர் எடுப்பதில்லை’ என்று முகப்பில் போட்டான். கிட்டுசாமி அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் கிடங்கில் இறங்கி, மாடல் வாரியாக, அளவு வாரியாக உள்ளதை எண்ணினார்கள். சாயப்பட்டறைக்கு நேரில் போய், என்றைக்குத் துணி கிடைக்கும் என்று கிட்டுசாமி கேட்டார். ‘நாளைக்குத் தந்துருவமுங்க’ என்றார் பட்டறைக்காரர். அந்தச் சொல்லைக் கேட்டதும் கிட்டுசாமி, நிஜமான தேதியைச் சொல்லுங்க என்று வாசலிலேயே நின்றார். பட்டறைக்காரர் டீ சொன்னார். கிட்டுசாமி தம்ளரைக் கையில் வாங்காமலேயே நின்று, கடைசியில் ஒரு தேதியை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு மேல் தைக்க, அயர்ன் போட, பேக் பண்ண என்று நாள் கூட்டி, கரண்ட் போகும் நேரத்துக்கும் சேர்த்து, இன்னும் ஐந்து நாளைத் தள்ளிப் போட்டார்கள். கையில் இருந்த துணி நூற்றைம்பது பேருக்குத் தேறியது. மற்றவர்களில் பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுக்க முடியும். மீதிப் பேர் கேட்ட நிறம் இனி வராது. அவர்களுக்குக் கேட்காமலே பணத்தைத் திருப்பிவிடுவது என்று ஆயிற்று.

கடிதத்தின் முதல் வரியில்தான் வண்டி நின்றது. ‘தாமதமாகிவிட்டது’ என்று கிட்டுசாமி சொல்ல, நதியா டைப் செய்தாள். ரபீக் தலையை ஆட்டினார். ‘தாமதம் ஏற்பட்டது’ என்று மாற்றினார்கள். யார் ஏற்படுத்தியது என்று ரபீக் கேட்டார். ‘தாமதம் நேர்ந்தது’ என்றான் ராஜ்கமல். அது இன்னும் மோசம் என்றாள் நதியா. விபத்து மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் ஒரு விகுதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு, ‘லேட் பண்ணிட்டோம்னு போட்டுக்க கண்ணு’ என்றார். சொன்னதும் அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு மற்றதெல்லாம் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கடிதம் இப்படிப் போயிற்று:

‘திரு. சீனிச்சாமி அவர்களுக்கு,

தீபாவளிக்கு முன் தருவதாகச் சொன்ன துணியை நாங்கள் தரவில்லை; தாமதம் செய்துவிட்டோம். கையில் இருந்த சரக்குக்கு மேல் ஆர்டர் எடுத்தோம். மெஷின்களை வேறு வேலைக்குக் கொடுத்தோம். வராது என்று தெரிந்த பிறகும் நாளை வரும் என்று உங்களிடம் சொன்னோம். அதனால் நீங்கள் வேறு இடத்தில் வாங்கவும் முடியாமல் போனது. இது எங்கள் தவறு. மன்னிக்க வேண்டும்.

போன கடிதத்தில் கூரியர்மேல் பழி போட்டோம். அது உண்மையல்ல; பார்சலை நாங்கள் கூரியரிடம் கொடுக்கவே இல்லை. உங்கள் முகவரியை மற்றவர்கள் பார்க்கும்படி அனுப்பியதும் எங்கள் தவறுதான்.

நீங்கள் கேட்ட இரண்டு உடுப்புகளையும் இனிமேல்தான் தைக்க வேண்டும். நவம்பர் 16ஆம் தேதி இங்கிருந்து அனுப்புவோம். அன்றே கூரியர் எண்ணை உங்கள் போனுக்கு அனுப்புவோம். காத்திருக்க விருப்பமென்றால் ஒரு வரி பதில் போடுங்கள், அல்லது கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால், பணம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு இந்த வாரக் கடைசியில் உங்கள் பேங்க் கணக்குக்கே முழுவதையும் திருப்புகிறோம். சொன்ன தேதி தப்பும் என்று தெரிந்தால் தப்புவதற்கு முன்பே நாங்கள் கூப்பிடுகிறோம்.

கிட்டுசாமி, பூம்பஞ்சு. கீழே உள்ளது என் சொந்த செல் நம்பர்.’

தள்ளுபடி இல்லை. வாழ்த்து இல்லை. ஒன்றாவது போடலாமே என்று கிட்டுசாமிக்குக் கை அரித்தது. முதல் துணியே வராதவரிடம் இரண்டாவது துணி விற்கப் பார்க்கிறோமா என்று நதியா கேட்டதும் விட்டுவிட்டார். கார்டில் பணம் கட்டியவர்களுக்கு அது கார்டுக்கே திரும்பும், பேங்க் காட்ட ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்று தனி வரி. துணி கையில் தேறிய நூற்றைம்பது பேருக்கு அன்றே அனுப்பியாகிவிட்டது, வேண்டாமென்றால் எங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்று வேறு வரி. தாமதமே ஆகாதவர்களுக்குச் சின்னதாக இன்னொரு கடிதம்: உங்கள் துணியில் கோளாறு இல்லை, கோளாறு எங்களிடம்தான்; கூரியர்மேல் சொன்னதும் பொய். ராஜ்கமல் இந்த முறை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவரவர் பெயர், அவரவர் துணி, அவரவர் தேதியோடு போகும்படி செய்தான். இப்படிச் செய்ய முன்பே தெரியும், அவசரம் என்றீர்கள் என்று அவன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்தவர்களுக்குக் கடிதத்தைப் படமாக்கி இணைத்தான். பதில் வராதவர்களை நதியாவும் கிட்டுசாமியும் போனில் கூப்பிட்டார்கள். வேன் மறுபடி வந்தது. ரபீக் மூட்டையைத் தானே தூக்கி வைத்தார்.

கடிதத்தைப் படித்து எல்லோரும் கண்ணீர் விட்டுக் கட்டிக்கொள்ளவில்லை. பாதிப் பேருக்கு மேல் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கம்பெனியும் கொடுத்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, இனி உங்களிடம் வாங்க மாட்டேன் என்று ஒருவர் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தார். கடிதத்தில் இருந்த சந்திப்பிழைகளைத் திருத்தி ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் திருப்பி அனுப்பினார். சொந்த செல்லில் வந்த பேச்சுகளில் சிலவற்றைக் கிட்டுசாமி வெளியே போய் நின்று கேட்டார். அவர் மனைவி வேலாத்தாள், இந்த வயசில் எதற்கு இப்படி ஊராரிடம் ஏச்சு வாங்க வேண்டும் என்று கேட்டபோது, வாங்கத்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சீனிச்சாமி காத்திருப்பதாக ஒரு வரி போட்டார். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. தைத்து அலசிய துணி காயாமல் ஈரம் கோத்து, பதினாறாம் தேதி அனுப்ப வேண்டியதில் நாற்பது பார்சல் நிற்கும் போலிருந்தது. பதினாலாம் தேதியே கிட்டுசாமி போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஈரத்துணியைப் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், இரண்டு நாள் கழித்து அனுப்புகிறேன், வேண்டாமென்றால் இப்போதே பணம் என்றார். சீனிச்சாமி, குச்சி காயாத கதைதானே என்று சிரித்தார். சொன்னபடி பதினெட்டாம் தேதி போயிற்று. மூன்று வாரம் கழித்து அவர் தெருவிலிருந்தே இன்னொருவர், பொங்கலுக்கு ஆர்டர் எடுப்பீர்களா என்று கேட்டார். ஐம்பது பேருக்கு மட்டும் எடுக்கிறோம், நீங்கள் முப்பத்திரண்டாவது என்று நதியா சொன்னாள். அவள் சம்பளம் கூடியிருந்தது. செக்கிங் பக்கம் அவள் போகவில்லை. முதலாளி அவளிடம் வாய்விட்டு ஏதும் சொன்னாரா என்று கேட்டால், அது எங்களுக்குள்ளே என்பாள்.

இதற்குள் கடிதம் ஊரில் பிரபலமாகிவிட்டது. இன்டர்நெட் கடை வைத்திருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு காப்பி கேட்டார்கள். ரோட்டரி கூட்டத்தில் கிட்டுசாமியை மேடையேற்றி, ‘வாடிக்கையாளர் மனதை வெல்லும் மன்னிப்பு’ என்ற தலைப்பில் பேசச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, லேட் பண்ணிட்டோமுங்க, அதான் கேட்டோமுங்க என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தவர்களுக்கு ஏமாற்றம்.

அடுத்த வருடம் தீபாவளி முடிந்த வாரம், அவிநாசி ரோட்டில் கன்னையன் என்பவர் நடத்திய இன்டர்நெட் கடையின் கடிதம் ஒன்று சுற்றி வந்து நதியாவின் மெயிலில் விழுந்தது. ‘கையில் இருந்த சரக்குக்கு மேல் ஆர்டர் எடுத்தோம். மெஷின்களை வேறு வேலைக்குக் கொடுத்தோம்.’ கன்னையனுக்கு மெஷினே கிடையாது. அவர் துணியை வாங்கி விற்கிறவர். ‘போன கடிதத்தில் கூரியர்மேல் பழி போட்டோம்.’ போன கடிதம் என்று ஒன்று கிடையாது. போதாக்குறைக்கு, கன்னையனின் பார்சல்களை நிஜமாகவே கூரியர்காரர்தான் கிடங்கு வாசலில் மழையில் நனையப் போட்டிருந்தார். தன்மேல் பழி இல்லை என்கிற அந்தக் கடிதத்தை அந்தக் கூரியர்காரர் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டிக்கொண்டதாக ரபீக் வந்து சொன்னார். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘நவம்பர் 16’ என்றே இருந்தது. செல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டுசாமியின் நம்பர் இருந்தது. காலையிலிருந்து தெரியாத ஊர்க்காரர்கள் ஏன் தன்னைக் கூப்பிட்டு ஏசுகிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

நதியா கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். கிட்டுசாமி பொறுமையாகக் கேட்டார்.

‘எழுத்து நல்லாத்தான் இருக்குதுங்க பாய்’ என்றார் ரபீக்கிடம். ‘துணி போயிருச்சுங்களான்னு கேளுங்க.’

ரபீக் செல்லை எடுத்து அந்தக் கூரியர்காரரிடம் பேசினார். துணி இன்னும் போகவில்லை என்றார்.